ஆறரை மணிக்குச் சாகும் சர்வர்

பிரமிளா அதே கட்டளையை மூன்றாவது முறையாகத் தட்டினாள். அவசரத்தில் எழுத்து பிசகியது. அழித்துவிட்டு மறுபடியும் தட்டினாள். கறுப்புத் திரையில் ஒரு வரி ஓடியது, இன்னொரு வரி ஓடியது, அப்புறம் ஒரே ஒரு சொல் வந்து நின்றது.

Killed.

மணி காலை ஆறு முப்பத்தாறு. ஈப்போ நகரத்தில் புந்தோங் அடுக்குமாடியின் நான்காவது மாடி. அடுப்படியில் அம்மா மங்களம் யாரோடோ போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகிற பொம்பளைக்கு விடியற்காலையில் இவ்வளவு சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று பிரமிளாவுக்கு எரிச்சலாக இருந்தது.

இன்றைக்குப் புதன். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு பாலிடெக்னிக்கில் இறுதிப் பிராஜெக்ட் தேர்வு. போன தடவை தோற்றாயிற்று. இது இரண்டாவது வாய்ப்பு. மூன்றாவது என்று ஒன்று விதிப்புத்தகத்திலேயே கிடையாது. வெள்ளிக்கிழமை தேர்வாளர் முன்னால் அவள் இணையதளத்தைத் தாங்குகிற சர்வர் நிற்கவில்லை என்றால் மூன்று வருஷப் படிப்பு டிப்ளோமா இல்லாமல் முடிந்துபோகும்.

அந்தச் சர்வரோ ஐந்து நாளாகத் தினமும் செத்துக்கொண்டிருந்தது. அதுவும் கடிகாரம் பார்த்து, சரியாக ஆறரைக்கு.

லேப்டாப்பை மூடாமலே தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். தரைத்தளத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான் ரூபன். பாகான் செராய் ஊர்க்காரன். இங்கே அறை எடுத்துத் தங்கி, ஈப்போவில் ஒரு சின்ன ஹோஸ்டிங் கம்பெனியில் சப்போர்ட் மேசையில் உட்காருகிறவன். நாள் முழுக்க மற்றவர்களின் சர்வர் ஏன் செத்தது என்று பதில் சொல்வதுதான் அவன் வேலை.

"அண்ணே, மறுபடியும் போச்சு!"

"குட் மார்னிங்னு ஒரு வார்த்தை இருக்குலா."

"அண்ணே!"

"சரி சரி." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்தான். "ஏழரைக்கு நான் கிளம்பணும். ஒவ்வொரு கேள்வியா கேளு. எல்லாத்தையும் சேத்துக் கொட்டினா எனக்கும் மெமரி பத்தாது."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"மொதக் கேள்வி. Killed-னு மட்டும் வருது. எரர் இல்ல, வரி நம்பர் இல்ல. என் கோட்ல எங்க தப்பு?"

"கோட் எரர் குடுக்கலன்னா அது தானா சாகல. யாரோ கொன்னுருக்காங்க. டிமெஸேஜ்ல சிஸ்டம் எழுதி வச்ச குறிப்பப் பாரு."

அவன் சொன்ன கட்டளையைப் போட்டாள். பக்கம் பக்கமாக ஓடி, கடைசியில் நின்றது. மெமரி தீர்ந்துவிட்டது, இன்ன எண் புரோசஸ் கொல்லப்பட்டது, பெயர் mysqld.

"இது என் டேட்டாபேஸ். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல. மெமரி சுத்தமா தீந்து போச்சுன்னா கெர்னல், அதான் சிஸ்டத்தோட மேஸ்திரி, ஒரு ஆளைப் பலி குடுக்கும். யாரால தீந்துச்சுன்னு விசாரிக்காது. பெருசா எடத்த அடைச்சு உக்காந்திருக்கிறவன் யாருன்னுதான் பாக்கும். உன் டேட்டாபேஸ் சும்மா இருக்கறப்பவே நானூறு மெகாபைட் சாப்பிடுது. மொதல்ல அதுதான் கண்ணுல படும். அது போனதும் உன் ஆப் டேட்டாபேஸ் இல்லாம அலறும். நீ ஆப்ப ஸ்டார்ட் பண்ணுவ, அதையும் கொல்லும். மொத்த மெமரி எவ்வளவு?"

பார்த்தாள். "தொள்ளாயிரத்து நாப்பத்தொம்பது மெகாபைட். மிச்சம் அறுபத்தொண்ணு."

"என் போன்ல இருக்கறதுல எட்டுல ஒரு பங்கு," என்றான் ரூபன். "இதுல டேட்டாபேஸ், ஆப், வெப் சர்வர், மூணும் குடித்தனம் பண்ணுது. பெரிய மெஷின் எடுக்கலாம்ல?"

"முடியாது. கிளவுட்ல இலவசமா தர்ற அளவுக்குள்ளதான் கட்டணும்னு தேர்வு விதி. தாண்டினா பிராஜெக்ட்டே செல்லாது."

"என் லேப்டாப்ல ஓட்டிக் காட்றேன்னு சொல்லு."

"அதுவும் முடியாது. வெளியில இருந்து யார் வேணும்னாலும் திறக்கிற மாதிரி நேரடியா ஓடணும். வீடியோ காட்டினாலும் மார்க் இல்ல."

ரூபன் பெருமூச்சு விட்டான். "அப்ப இருக்கிற பாயிலதான் படுக்கணும். ரெண்டு வேலை. ஒண்ணு, ஸ்வாப். டிஸ்க்குல ரெண்டு ஜிகாபைட் ஒதுக்கி, மெமரி பத்தாதப்போ அதப் பயன்படுத்துன்னு சொல்லணும். ரீபூட் ஆனாலும் நிக்கிற மாதிரி எஃப்எஸ்டேப் ஃபைல்ல எழுதிடு, பாதிப்பேர் அத மறந்துட்டு என்கிட்டதான் அழுவாங்க. ரெண்டு, டேட்டாபேஸ் தனக்குன்னு பிடிச்சு வச்சிருக்கிற பஃபரக் குறை. பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமான்னு ஒண்ணு ஓடும், அத அணைச்சிடு. உனக்கு வேண்டாதது அது."

"இது போதுமா?"

"ஸ்வாப் காப்பாத்தாது பிரமி. டிஸ்க்கு மெமரியவிட ரொம்ப மெதுவு. சாகிறது கொஞ்சம் லேட்டாகும். அவ்வளவுதான்."

வேறு ஆள் என்றால் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருப்பான். ரூபன் சொல்ல மாட்டான். அதனால்தான் அவனிடம் வந்தாள்.

"கடைசிக் கேள்வி. ஏன் ஆறரை மணிக்கே?"

அவன் முதல் தடவையாக நெற்றியைச் சுருக்கினான். "குறிச்ச நேரத்துக்குத் தானா ஓடுற மாதிரி க்ரான்ல ஏதும் வச்சிருக்கியா? பேக்கப்?"

"இல்ல."

"காலையில ஆறு மணிவாக்குல தானா அப்டேட் ஓடும்... இல்லயே, உன் சர்வர் கடிகாரம் யூடிசி, உலகப் பொது நேரம். நமக்கு ஆறரைன்னா அதுக்கு முந்தின ராத்திரி பத்தரை. அது இல்ல." எழுந்தான். "அப்ப உள்ள இருந்து வரல. வெளியில இருந்து வருது. நாளைக்கு ஆறு இருபத்தஞ்சுக்கு லேப்டாப்போட இங்க வா. கண்ணால பாப்போம்."

*

அன்று முழுக்க அவள் வகுப்புக்குப் போகவில்லை. ஸ்வாப் போட்டாள். டேட்டாபேஸைச் சுருக்கினாள். மெமரியில் மிச்சம் முந்நூறுக்கு ஏறியது.

அவள் பிராஜெக்ட் ஒன்றும் பெரிய விஷயமில்லை. சுங்காய் பக்கம் கெருயிங் தோட்டம் என்று ஒன்று இருந்தது. ரப்பர் போய், செம்பனை வந்து, அப்புறம் தோட்டமே கைமாறி, லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டார்கள். அந்தக் குடும்பங்களின் பழைய படங்களைச் சேர்த்து, எந்த லயம், எந்த வீடு, இப்போது எந்த ஊர் என்று தேடிக் கண்டுபிடிக்கிற ஒரு தளம். படங்களை வாங்கிக் கொடுத்தது அம்மாதான். மங்களம் பதினாறு வயசில் அங்கே ரப்பர்ப் பால் எடுக்க, பால்மரம் வெட்டப் போனவள். இன்றைக்குக் கையுறைத் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறாள். கெருயிங்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் இருநூற்றுச் சொச்சம் பேர். குழுவை நடத்துவது அம்மா. ரோஜாப்பூவும் காலை வணக்கமுமாக வந்து குவிந்ததால், பிரமிளா அந்தக் குழுவின் சத்தத்தை அடைத்து வைத்து ஆறு மாசம் ஆகிறது.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த அம்மா செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டாள்.

"பரீட்சை வெள்ளிக்கிழமைதானே? எத்தன மணிக்கு?"

"பதினொண்ணு."

"டாண்ணு பதினொண்ணா? இல்ல முன்னப் பின்ன ஆகுமா?"

"டாண்ணு பதினொண்ணும்மா. எதுக்கு?"

"சாமிக்கு விளக்குப் போடத்தான். கேக்கக் கூடாதா?"

*

வியாழன். ஆறு இருபத்தொன்பது. படிக்கட்டில் இரண்டு பேர், ஒரு லேப்டாப். ஒரு ஜன்னலில் மெமரி, இன்னொரு ஜன்னலில் வெப் சர்வரின் பதிவேடு. யார் எந்த நேரத்தில் எதைத் திறந்தார்கள் என்று வரிவரியாக எழுதுகிற ஏடு.

ஆறு முப்பது.

ஒரு வரி வந்தது. இரண்டு. பத்து. அப்புறம் கண்ணால் தொடர முடியாத வேகம். எல்லாமே முதல் பக்கத்தைக் கேட்டன.

"அலாமா," என்றான் ரூபன் மெதுவாக.

மிச்சம் இருநூறு. எண்பது. பூஜ்யத்தை ஒட்டியது. ஸ்வாப் நிறையத் தொடங்கியது. சர்வர் சாகவில்லை. ஆனால் பிரமிளா தட்டிய எழுத்து அரை நிமிஷம் கழித்துத்தான் திரையில் தெரிந்தது. ஆறு நாற்பத்தைந்துக்குத்தான் மூச்சு திரும்பியது.

"ஒரு நிமிஷத்துல நூத்து முப்பது பேர்," என்று எண்ணினான். "உன் சைட்டுக்கு இவ்வளவு ரசிகர் மன்றமா?"

"யாரோ அடிக்கிறாங்க அண்ணே. வேணும்னே."

"இரு. வெறும் நூத்து முப்பது பேர் ஒரு பக்கத்தைப் பாத்தா எந்தச் சர்வரும் இப்படிப் படுக்காது. முதல் பக்கத்துல என்ன வச்சிருக்க?"

"படங்க. சின்னதா, அடுக்கடுக்கா."

"சின்னதாவே வச்சிருக்கியா?"

அவள் தயங்கினாள். "இல்ல. பெருசா இருக்கு. யாராவது திறக்கும்போது ஆப் அதச் சின்னதாக்கி அனுப்பும்."

"ஒவ்வொரு தடவையுமா?"

"ஒவ்வொரு தடவையும்."

ரூபன் தோளில் கிடந்த துணியை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒரு படம் எவ்வளவு?"

"மூணு மெகாபைட்தான்."

"டிஸ்க்குல மூணு. அது சுருட்டி வச்ச கணக்கு. சின்னதாக்கணும்னா மெமரில விரிக்கணும்ல? நாலாயிரத்துக்கு மூவாயிரம் புள்ளி, புள்ளிக்கு நாலு பைட். நாப்பத்தெட்டு மெகாபைட். ஒரே ஒரு படம்! ஒரே நேரத்துல இருபது விரிச்சா உன் மொத்த மெஷினும் காலி."

அவள் முதல் பக்கத்தைத் திறந்து படங்களை எண்ணத் தொடங்கினாள்.

"இன்னிக்கே எல்லாப் படத்தையும் உன் லேப்டாப்ல வச்சுச் சின்னதாக்கி மேல ஏத்திடு. ஆப் தொடவே வேணாம். வெப் சர்வர் நேரா எடுத்துக் குடுக்கும், ஆயிரம் பேர் வந்தாலும் அசையாது. அடுத்த விஷயம். புதுசா ஒருத்தர் படம் ஏத்தினா?"

"அப்போ ஆப்தான் சின்னதாக்கணும். தேர்வுல அதத்தான் செஞ்சு காட்டணும்."

"ஒரே நேரத்துல எத்தன பேர் ஏத்துவாங்க?"

"ஒருத்தர். சுவர்ணா மேடம். அவங்கதான் தேர்வுக்குத் தலைமை."

"முறைப்படி பாத்தா வரிசை வைக்கணும்," என்றான். "ஒரு படம் முடிஞ்சாத்தான் அடுத்தது. எழுத ஒரு மத்தியானம், சோதிச்சுப் பாக்க இன்னொரு மத்தியானம்."

"நேரம் இல்லண்ணே. நூத்தி எண்பது படம் சுருக்கணும், அறிக்கை பாதிதான் இருக்கு. ஒருத்தருக்கு எதுக்கு வரிசை?"

ரூபன் மணியைப் பார்த்தான். ஏழு இருபது.

"சரி. ஒருத்தர்னா தாங்கும்."

ஹெல்மெட்டை மாட்டியவன் திரும்பினான். "இந்த ஆறரைக் கூட்டம் யாருன்னு எனக்கு இன்னும் உறுத்துது. எல்லாம் மொபைல் லைன். போன் கம்பெனிக்காரன் ஒரே முகவரிய நூறு பேருக்குக் குடுப்பான், ஆள் தெரியாது. லிங்க் யார்கிட்ட குடுத்த?"

"அம்மாகிட்ட. படம் குடுத்த தோட்டத்து ஆளுங்க சிலர் பாத்திருப்பாங்க. அது ஆறு மாசக் கதை. அவங்கள்ல பாதிப் பேருக்கு படத்தைப் பெருசாக்கிப் பாக்கவே தெரியாதுண்ணே. அவங்களாவது, நூத்து முப்பது பேர் சேந்து, ஆறரைக்கு..." சிரித்தாள். "இது தெரிஞ்சவன் வேலை. எனக்கு ஆளும் தெரியும்."

*

ஆள் அருணன். பாலிடெக்னிக் கண்டினில் மீ கோரேங் நூடுல்ஸைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அப்பா பெரிய ஆஸ்பத்திரியில் கணக்காளர், வீட்டில் மூன்று கம்ப்யூட்டர், வகுப்பில் முதல். சர்வர்கள் எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று அடித்துப் பார்ப்பதுதான் அவன் பிராஜெக்ட்டே.

பிரமிளா தட்டுக்கு முன்னால் லேப்டாப்பை வைத்தாள். "காலையில ஆறரைக்கு என்ன பண்ற நீ?"

"தூங்குவேன். ஏன், நீ என்ன பண்ணுவ?"

"விளையாடாத. என் சர்வர அடிக்கிறது நீதான?"

கண்டினில் நாலு தலை திரும்பியது. அருணன் முள்கரண்டியைக் கீழே வைத்தான். முகம் சிவந்திருந்தது. லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிப் பதிவேட்டைக் கொஞ்ச நேரம் படித்தான்.

"நான் அடிச்சா மில்லி செகண்ட் பிசகாம வரும். இத பாரு. ஒருத்தன் முப்பது செகண்ட் லேட். ஒருத்தன் ஒரே பக்கத்த நாலு தடவ தட்டியிருக்கான், திறக்கலன்னு. எல்லாம் பழைய பழைய போன். நான் எழுதற புரோகிராமுக்குப் பொறுமை ஜாஸ்தி." லேப்டாப்பை மூடி அவள் பக்கம் தள்ளினான். "இவங்க மனுஷங்க பிரமிளா. இனிமே என்கிட்ட பேசாத."

அவள் நம்பவில்லை. அகப்பட்டுக்கொண்டவன் வேறு எப்படிப் பேசுவான்?

*

வெள்ளிக்கிழமை ஆறு முப்பதுக்குக் கூட்டம் மறுபடி வந்தது. நூற்று அறுபது பேர். பிரமிளா நகத்தைக் கடித்துக்கொண்டு மெமரியைப் பார்த்தாள். முந்நூற்றுப் பத்து. முந்நூற்று ஐந்து. முந்நூற்று எட்டு. அசையவில்லை. படங்கள் நொடி நேரத்தில் திறந்தன.

ஐந்து விநாடி கண்ணை மூடி உட்கார்ந்தாள். ஒரு வாரத்தில் முதல் முறையாகப் பசித்தது.

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் வெளிச்சம். "இன்னிக்கு டக்குனு திறக்குதுல்ல?"

"நீ எப்பப் பாத்த?"

"சும்மா பாத்தேன்லா. எம் பொண்ணு கட்டினத நான் பாக்கக் கூடாதா? இட்லி ஆறிடும், சாப்பிடு."

*

பத்து ஐம்பத்தெட்டு. மூன்றாவது மாடி ஆய்வகம். நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று தேர்வாளர்கள். நடுவில் சுவர்ணா, வெளுத்த காட்டன் புடவை, மூக்குக் கண்ணாடி. தாத்தா காலத்திலிருந்து அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற குடும்பம். அவர் வாயிலிருந்து தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. தேர்வு மலாய் மொழியில் நடந்தது. ஒரு மாணவருக்குப் பதினைந்து நிமிஷம்.

சுவரில் பிரமிளாவின் முதல் பக்கம் பெரிதாக விரிந்தது. லயத்து வாசலில் வரிசையாக நின்ற பழைய முகங்கள். வலது ஓரத் தேர்வாளர் தன்னையறியாமல் முன்னால் குனிந்து பார்த்தார்.

"நல்ல வேகம்," என்றார் சுவர்ணா. "இலவச இயந்திரம்தானே?"

"ஆமாம் மேடம்."

"நான் ஒரு படம் ஏற்றிப் பார்க்கலாமா?"

அவர் தன் போனை எடுத்தார். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் பன்னிரண்டைத் தொட்டது. அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினார்.

வட்டம் சுற்றியது.

பிரமிளா புன்னகையோடு நின்றாள். மூன்று விநாடி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து ஆனது. பத்து ஆனது. புன்னகை முகத்திலேயே காய்ந்துபோனது.

லேப்டாப்புக்குத் தாவினாள். மெமரி ஜன்னல் கடைசியாகக் காட்டிய எண்ணோடு உறைந்திருந்தது. மிச்சம் இருபத்திரண்டு. ஸ்வாப் பாதி நிறைந்திருந்தது. ஒரு எழுத்தைத் தட்டினாள். திரையில் வரவில்லை. புதிதாக ஒரு இணைப்புப் போட்டாள். அதுவும் கதவுக்கு வெளியிலேயே நின்றது.

ஒரு படத்துக்கு இப்படி ஆகாது. ஒரு படம் நாற்பத்தெட்டுதான்.

"கிளவுட் கம்பெனியின் பக்கத்திலிருந்து ரீபூட் செய்கிறேன் மேடம். இரண்டு நிமிஷம்."

"செய்யுங்கள்."

பின் வரிசையில் அருணன் தன் முறைக்காகக் காத்திருந்தான். அவனை ஒரு தடவை பார்த்தாள். அவன் இரண்டு கையும் மடியில் இருந்தது. லேப்டாப் பையைவிட்டு வெளியே வரவே இல்லை.

பதினொன்று ஐந்து. சர்வர் எழுந்தது. ஸ்வாப் இருந்தது. எஃப்எஸ்டேப்பில் எழுதியதை மறக்கவில்லை அவள். முதல் பக்கம் திறந்தது. சுவர்ணா மறுபடி போனை எடுத்தார். அவர் விரல் பொத்தானைத் தொடுவதற்கு முன்பே மிச்சம் நூற்று நாற்பதுக்கு இறங்குவதைப் பிரமிளா பார்த்தாள். எண்பது. இருபது.

சுவரில் ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது, பின்னால் ஆப் இல்லை என்று சொல்லும் பிழை எண்ணோடு. 502.

பதினொன்று பதினைந்துக்குச் சுவர்ணா கண்ணாடியைக் கழற்றினார். மற்ற இருவரும் தாளில் எதையோ எழுதினார்கள். எழுதுவதற்கு அதிகமாக ஒன்றும் இல்லை போலிருந்தது, சீக்கிரம் முடித்துவிட்டார்கள்.

"அடுத்தவர்," என்றார் வலது ஓரத்துக்காரர்.

அவள் வயரைப் பிடுங்கிச் சுருட்டியபோது சுவர்ணா தமிழில், அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னார். "முதல் பக்கம் திறந்ததற்கு உள்ள மதிப்பெண்ணைப் போட்டிருக்கிறேன் பிள்ளை. தேறுவதற்கு அது காணாது."

*

தாழ்வாரத்தில் உட்கார்ந்து சர்வரைத் திறந்தாள். பதினொன்று இருபத்தைந்து. இப்போது அது சௌகரியமாக ஓடிக்கொண்டிருந்தது. மிச்சம் முந்நூற்று ஆறு. ரூபனுக்குப் போன் போட்டாள்.

"என்னாச்சு?"

"போச்சு."

பின்னால் அவன் ஆபீசில் வேறு யாருக்கோ போன் அடித்துக்கொண்டிருந்தது.

"நான் வெளிய வந்ததும் தானா பிழைச்சுக்கிச்சு அண்ணே. இப்ப எதுக்குப் பிழைக்கணும்?"

"பதிவேட்டப் படி. பதினொண்ணுல இருந்து."

படித்தாள். நம் நேரத்துக்குப் பதினொரு மணி, நான்காவது விநாடி. ஐந்தாவது விநாடி. ஆறாவது. எல்லா வரியிலும் காலையில் வந்த அதே பழைய போன்கள். ஆனால் யாரும் முதல் பக்கத்தைக் கேட்கவில்லை. எல்லாரும் படம் ஏற்றியிருந்தார்கள்.

"எத்தன?"

"எண்ணி முடியல. நூத்துக்கு மேல."

"எல்லாம் விரிஞ்சிருக்கும்," என்றான் ரூபன். "இருபதுக்கே தாங்காதது. கடைசியில என்ன எண் போட்டிருக்கு? நானூத்தித் தொண்ணூத்தொம்பதா?"

"ஆமா. வரிசையா அதேதான்."

"அவங்களா மூடிட்டுப் போயிட்டாங்கன்னு அர்த்தம். சுத்துது சுத்துதுன்னு பாத்துட்டு, விட்டுட்டு, மறுபடி வந்திருக்காங்க. ரீபூட் ஆனதும் மறுபடி மொத்தமா." நிறுத்தினான். "தப்பு என்னோடது பிரமி. வரிசை வைக்கச் சொன்னேன், நானே சரின்னும் விட்டுட்டேன்."

"ஒருத்தர்னு சொன்னது நான்தானே."

ஆய்வகக் கதவுக்குப் பின்னால் அருணனின் குரல் நிதானமாகக் கேட்டது. கண்டினில் எல்லார் முன்னாலும் அவனைக் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அதை இனித் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாது.

"யாருண்ணே இவங்க?" என்றாள். "கடைசிக் கேள்வி. சத்தியமா. என்மேல யாருக்கு இவ்வளவு கோபம்?"

"தெரியலம்மா," என்றான் ரூபன்.

போனில் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. அம்மா. இந்த நேரத்தில் தொழிற்சாலையில் போன் எடுக்கவே விடமாட்டார்கள். ரூபனை நிறுத்திவைத்துவிட்டு எடுத்தாள்.

"பிரமி! முடிஞ்சுதா?" அம்மா மூச்சிரைக்கப் பேசினாள். பின்னால் இயந்திரச் சத்தம் இல்லை, கார்கள் போகிற சத்தம் கேட்டது. "நான் அரை நாள் லீவு போட்டுட்டேன். எத்தன பேர் வந்தாங்கன்னு மேடம் பாத்தாங்களா?"

பிரமிளாவின் கை லேப்டாப் மேலேயே நின்றுவிட்டது.

"நீதானே அன்னிக்குச் சொன்ன, யாருமே பாக்காத சைட்டுக்கு எவன் மார்க் போடுவான்னு? எனக்கு ராத்திரி தூக்கமே வரல. அப்புறம்தான் குரூப்புல சொன்னேன். தோட்டத்துல ஆறரைக்கு, வேலைக்கு முன்ன, பெரட்டுல வரிசையா நின்னமே, பேரு கூப்பிடறப்ப ஒரு ஆளு விட்டுப்போகுமா, அதே மாதிரி நம்ம புள்ளைக்காக நிக்கணும்னு. பாகான் செராய், கோலா கங்சார், எங்கெங்க இருந்தோ எல்லாம் வந்துட்டாங்க. இன்னிக்குப் பதினொண்ணுக்கு ஆளுக்கொரு படம் ஏத்துங்கன்னேன், கெழவனுங்களுக்குப் பேரப் புள்ளைங்க சொல்லிக் குடுத்திருக்கு. பதினொண்ணுக்கு சுத்திக்கிட்டே இருந்துச்சாம், ஒருத்தரும் விடலையே, மறுபடி மறுபடி போட்டாங்களாம்."

பிரமிளா பதிவேட்டு ஜன்னலை மூடினாள்.

"கேக்குதா பிரமி? இந்த வாரம் பூரா தெனம் காலையில ஆறரைக்கு நான்தான் பெரட்டு வச்சு அவங்கள பழக்கினேன்."